பத்து மீட்டர் ஓட்டம், ஆளுக்கொரு முடுக்கம்

ஓரக்கோடு:
எங்கள் விங்கரை நின்ற இடத்திலிருந்து ஓடவிட்டு, பக்கவாட்டில் நின்று நொடிக்கு 240 பிரேம் வீடியோ எடுத்தேன். முதல் அசைவிலிருந்து இடுப்பு பத்து மீட்டர் கோட்டைத் தாண்டும்வரை 504 பிரேம், அதாவது 2.10 நொடி. 10-ஐ 2.10-ஆல் வகுத்தால் 4.76, அதை மறுபடி 2.10-ஆல் வகுத்தால் 2.27 மீ/வி². கோச்சிடம் காட்டினேன், "இவ்வளவு மந்தமாடா அவன்?" என்று சிரித்துவிட்டார்.

பழைய கோலி:
4.76 என்பது வழிநெடுகிலும் சராசரி வேகம், கோட்டைத் தாண்டும்போது இருக்கும் வேகம் இல்லை. பூஜ்யத்திலிருந்து கிளம்பியதால் இரண்டால் பெருக்குங்கள், 4.54. நான் எப்போதும் இப்படித்தான் போடுவேன், முடிந்தது கதை.

மணல்மேடு:
முடியவில்லை அண்ணா. முடுக்கம் கடைசிவரை ஒரே சீராக இருந்தால்தான் அந்த இரட்டிப்பு சரி. உங்கள் கணக்குப்படி அந்தப் பையன் பத்தாவது மீட்டரிலேயே நொடிக்கு 9.5 மீட்டர் வேகத்தில் போகிறான். நின்று கிளம்பி அந்தத் தூரத்தில் அதை எட்டும் ஆட்டக்காரரை நான் பார்த்ததில்லை. முதல் இரண்டு மூன்று எட்டில்தான் உதை பலமாக இருக்கும், அப்புறம் வேகம் ஏற ஏற முடுக்கம் தேய்ந்துகொண்டே வரும். அதனால் உண்மையான விடை உங்கள் இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. 9 மீட்டரிலும் 11 மீட்டரிலும் ஒரு கம்பு நட்டு, கேமராவைப் பத்துக்கு நேரே வைத்து, அந்த இரண்டு மீட்டருக்கு எத்தனை பிரேம் என்று எண்ணுங்கள். கம்புகளை ஓடும் தடத்தை ஒட்டியே நடுங்கள், கேமரா பக்கம் தள்ளி நட்டால் கோணத்தில் தூரம் மாறிவிடும்.

வேகப்புயல்:
நான் லேசர் கேட்டில் 1.75 எடுத்தேனே, அப்போ விங்கரைவிட நான் வேகமா? 😀

மணல்மேடு:
கேட்டுக்கு அரை மீட்டர் பின்னால் நின்றுதானே கிளம்பினீர்கள்? கடிகாரம் ஓட ஆரம்பிக்கும்போதே நீங்கள் நகர்ந்துகொண்டிருந்தீர்கள். தொடக்க வேகம் பூஜ்யம் இல்லை, அந்த 1.75-ஐ இவர் எண்ணோடு ஒப்பிடவே முடியாது.

வேகப்புயல்:
ஆமாம், பின்னால்தான் நிற்கச் சொன்னார்கள்.

ஓரக்கோடு:
கம்பு நட்டு மறுபடி ஓடவிட்டேன். மொத்தம் 502 பிரேம், கம்புகளுக்கு நடுவில் 67. அது 0.279 நொடி, வேகம் 7.16 மீ/வி. அதை 2.09-ஆல் வகுத்தால் 3.4 மீ/வி². ஆனால் ஒரு குழப்பம். கிளம்புவதற்கு முன் அவன் லேசாகப் பின்னால் சாய்கிறான். நான் அந்தச் சாய்விலிருந்து எண்ணினேன், பின்கால் தரையை விட்ட பிரேமிலிருந்து எண்ணினால் 24 பிரேம் குறைகிறது, விடை 3.6 ஆகிறது. எதை எடுப்பது?

பழைய கோலி:
கால் எடுத்ததிலிருந்துதான்.

மணல்மேடு:
கால் எழும்பும்போது உடம்பு ஏற்கெனவே முன்னால் நகர்ந்திருக்குமே, அப்போதும் தொடக்கம் பூஜ்யம் ஆகாது. நான் இடுப்பு முன்னோக்கி நகரும் முதல் பிரேமை எடுப்பேன், ஆனால் அதையும் இரண்டு பேர் பார்த்தால் இரண்டு பிரேம் சொல்கிறார்கள்.