அக்டோபர் ரிப்போர்ட்டை நம்பலாமா? யீஷூன் கடைக்கு ஒரே ஒரு நாள் விற்பனைதான் காட்டுகிறது

மாலா (தேக்கா) – 5 நவம்பர் 2025

வணக்கம். மளிகை மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்கிறேன். எங்களுக்குத் தேக்கா, யீஷூன், ஜூரோங் என்று மூன்று கடைகள். மாதாமாதம் மூன்று கடையிலிருந்தும் விற்பனைக் கோப்பு வரும். அவற்றை ஒரே ஷீட்டில் ஒட்டி `SUMIFS` போட்டுக் கூட்டி முதலாளியிடம் கொடுப்பேன். இந்த மாத ரிப்போர்ட்டை வைத்துத்தான் பொங்கலுக்குச் சரக்கு ஆர்டர் போடப்போகிறார்.

தீபாவளி 20-ஆம் தேதி வந்தது. கடையில் நிற்க இடமில்லை. ஆனால் அக்டோபர் கூட்டுத்தொகை செப்டம்பரைவிடக் குறைவாக வருகிறது. பிரித்துப் பார்த்தால் யீஷூனுக்கு 2,140 வெள்ளிதான், அதுவும் 10-ஆம் தேதி ஒரே நாள். அந்தக் கோப்பில் 10/11/2025, 10/12/2025 என்று இன்னும் வராத தேதிகளும் இருக்கின்றன.

இன்னும் சில சந்தேகங்கள். மூன்று கடையிலும் சேர்த்து 46 வரிகளில் எண்ணிக்கை மைனஸில் இருக்கிறது. தேக்கா கோப்பில் 6 வரிகளில் தேதி 00/01/1900. முறுக்கு மாவில் ஒரு வரி 500 பாக்கெட், இன்னொரு வரி 1,200 பாக்கெட். இதில் எதை நீக்குவது, எதை விடுவது? வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

சரவணன் (ஜூரோங்)

மாலா, வராத தேதியில் விற்பனை நடக்காது, அந்த வரிகளை எடுத்துவிடுங்கள். மைனஸ் எண்ணிக்கையும் அப்படித்தான், ஃபில்டர் போட்டு நீக்கினால் ரிப்போர்ட் சுத்தமாகிவிடும். நான் அப்படித்தான் செய்கிறேன், இதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை.

குமரன்

சரவணன், தயவுசெய்து அதைச் செய்யச் சொல்லாதீர்கள். மாலா, ஒரு வரியையும் நீக்காதீர்கள். முதலில் இரண்டு கேள்விகள். யீஷூன் கோப்பு `.csv` ஆக வந்ததா, `.xlsx` ஆகவா? அங்கே சமீபத்தில் கணினி மாறியதா?

மாலா (தேக்கா)

மற்ற இரண்டு கடையும் `.csv`. யீஷூன் மட்டும் இந்த மாதம் `.xlsx`. ஆமாம் அண்ணே, செப்டம்பர் கடைசியில் அங்கே புது லேப்டாப் வாங்கினார்கள். எப்படித் தெரிந்தது?

குமரன்

உங்கள் தேதிகளே சொல்கின்றன. புது லேப்டாப்பில் விண்டோஸின் பகுதி அமைப்பு அமெரிக்காவில் நிற்கிறது. நாம் நாள்/மாதம்/ஆண்டு என்று எழுதுகிறோம், அந்தக் கணினி மாதம்/நாள்/ஆண்டு என்று படிக்கும். கல்லாவிலிருந்து வந்த `.csv`-ஐ அங்கே எக்செலில் திறந்து `.xlsx` ஆகச் சேமித்திருக்கிறார்கள். தப்பாகப் படித்தது அப்படியே உறைந்துவிட்டது.

ஒவ்வொரு நாளாகப் போய்ப் பாருங்கள். 01/10/2025 என்பதை ஜனவரி 10 என்று படித்தது. உங்கள் கணினியில் அது 10/01/2025 என்று தெரியும். 02/10 பிப்ரவரி 10 ஆனது. இப்படியே 9-ஆம் தேதிவரை செப்டம்பர் 10-க்குப் போய்விட்டது. 10/10 திருப்பினாலும் அதேதான், அதனால்தான் அந்த ஒரு நாள் மட்டும் உங்களுக்குச் சரியாக வந்தது. 11-ஆம் தேதி நவம்பர் 10 ஆகவும், 12-ஆம் தேதி டிசம்பர் 10 ஆகவும் மாறின. 13-லிருந்து? பதின்மூன்றாம் மாதம் கிடையாதே. அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. `SUMIFS`-இல் `>=` என்று தேதி கேட்டால் எழுத்தாக இருப்பதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது.

சரவணன் சொன்னதில் உள்ள ஆபத்து இதுதான். வராத தேதி என்று கண்ணில் பட்டது இரண்டு நாள் மட்டும். ஜனவரி முதல் செப்டம்பர்வரை பரவிய ஒன்பது நாளும் பார்வைக்கு நல்ல தேதிகள், வராத தேதியா என்று பார்க்கும் சோதனையில் சிக்காது. அந்த இரண்டை நீக்கியிருந்தால் உண்மையான தீபாவளி விற்பனையையும் இழந்து, நோயைக் காட்டிய அடையாளத்தையும் அழித்திருப்பீர்கள். உங்கள் செப்டம்பர் கணக்கிலும் அக்டோபர் 9-இன் விற்பனை ஏறியிருக்கும், அதையும் பாருங்கள்.

யீஷூன் கோப்பில் இதைப் போட்டுப் பாருங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக வர வேண்டும்.

```
=COUNT(A:A)
=COUNTA(A:A)-1
```

முதலாவது எக்செல் தேதியாக ஏற்றவற்றை மட்டும் எண்ணும், இரண்டாவது தலைப்பு நீங்கலாக எல்லா வரிகளையும் எண்ணும்.

சரியான வழி, கல்லாவிலிருந்து மூல `.csv`-ஐத் திரும்ப வாங்கி `Data > From Text/CSV` வழியாக ஏற்றி, தேதிப் பத்திக்கு `Using Locale` போய் `English (Singapore)` என்று கொடுப்பது. மூலம் கிடைக்காவிட்டால் மட்டும் இது:

```
=IF(ISNUMBER(A2),
  DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)),
  DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2)))
```

யீஷூனின் அக்டோபர் கோப்புக்கு மட்டும்தான் இது பொருந்தும். தேக்கா, ஜூரோங் வரிகளில் போட்டால் நல்ல தேதிகளையும் புரட்டிவிடும். தேதியோடு நேரமும் ஒட்டியிருந்தால் இரண்டாம் பாதி வேலை செய்யாது.

பாத்திமா (உட்லண்ட்ஸ்)

எங்கள் கிடங்கிலும் மைனஸ் தொல்லைதான்! அரிசி மூட்டை இருப்பு -40 என்று காட்டும், கண்ணெதிரே மூட்டை அடுக்கி இருக்கும். சரக்கு வந்ததைப் பதிவதற்கு முன்பே விற்றுவிடுகிறோம், அதனால்தான். வந்த அன்றே பதிந்தால் உங்களுக்கும் சரியாகிவிடும் மாலா.

குமரன்

பாத்திமா அக்கா, உங்களுடையது இருப்புக் கணக்கின் மைனஸ். மாலா கேட்பது விற்பனை வரியில் வரும் மைனஸ். அது பெரும்பாலும் வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்ததோ, காசாளர் ரத்து செய்ததோ ஆகத்தான் இருக்கும். நீக்கினால் திரும்பி வந்த சரக்கும் விற்றதாகவே கணக்கில் நிற்கும்.

மாலா, ஒரு புதுப் பத்தி போடுங்கள், தொகையை எண்ணிக்கையால் வகுத்து. அதாவது ஒரு பாக்கெட் விலை. மைனஸ் வரிகளையும் பெரிய எண்களையும் இந்த ஒரே பத்தியில் பார்க்கலாம். திருப்பியதாக இருந்தால் எண்ணிக்கையும் மைனஸ், தொகையும் மைனஸ், விலை ப்ளஸில் வழக்கமான விலையாகவே வரும். விலையே மைனஸில் வந்தால் அந்த வரியைத் தனியாக எடுத்து வையுங்கள்.

நித்யா

பெரிய எண்களுக்கு ஒரு வழி இருக்கிறதே. சராசரியோடு மூன்று மடங்கு திட்ட விலக்கத்தைக் கூட்டி, அதைத் தாண்டுவதைப் பிடிக்கலாம். பாலிடெக்னிக்கில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

மாலா (தேக்கா)

அதை நானும் செய்து பார்த்தேன் நித்யா. தேக்காவில் சில்லறையாக விற்ற முறுக்கு மாவு மொத்தம் பத்து வரி: 4, 6, 3, 5, 8, 2, 6, 4, 5, 500. எதுவும் சிக்கவில்லை. அதனால் 500 சரிதானோ என்று குழம்பிவிட்டேன்.

குமரன்

நித்யா சொன்னது வரிகள் நிறைய இருக்கும்போது ஓரளவு உதவும். இங்கே உதவாது. மாலாவின் பத்து எண்களுக்குச் சராசரி 54.3. `STDEV.S` போட்டால் ஏறக்குறைய 156.6. மூன்று மடங்கைக் கூட்டினால் எல்லை 524. அந்த 500 தன்னை மறைக்கும் சுவரைத் தானே எழுப்பிக்கொண்டது. இதற்குக் கணக்கிலேயே ஒரு வரம்பு உண்டு: பத்து எண்கள் இருந்தால், ஒன்று எத்தனை கோடியாக இருந்தாலும் சராசரியிலிருந்து 2.85 மடங்கு விலக்கத்தைத் தாண்டவே முடியாது. குறைந்தது பதினொன்று வேண்டும். `MEDIAN` போடுங்கள், 5 வரும். ஐந்துக்குப் பக்கத்தில் 500 எப்படித் தெரிகிறது என்று பார்த்தாலே போதும்.

ஆனாலும் எண் பெரியது என்பதற்காகத் தப்பு என்று முடிவுசெய்ய வேண்டாம். விலைப் பத்தி என்ன சொல்கிறது?

மாலா (தேக்கா)

500 உள்ள வரியில் தொகை 3.20 வெள்ளி. ஒரு பாக்கெட் விலை 0.0064. 1,200 உள்ள வரியில் தொகை 3,600 வெள்ளி, பாக்கெட்டுக்கு 3 வெள்ளி. அது எங்கள் மொத்த விலை!

குமரன்

அப்படியானால் 1,200 உண்மையான ஆர்டர், தொடக்கூடாது. 500 என்பது பாக்கெட்டின் மேல் போட்டிருக்கும் 500 கிராம். காசாளர் எடையை எண்ணிக்கைக் கட்டத்தில் தட்டிவிட்டார், 3.20 ஒரு பாக்கெட்டின் சில்லறை விலை. எண்ணிக்கையை 1 ஆக்குங்கள். பழைய மதிப்பை அழிக்காமல் பக்கத்துப் பத்தியில் வைத்து, ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

00/01/1900 என்பது பூஜ்யத்துக்குத் தேதி வேடம் போட்டது. காலியான கட்டத்தை ஏதோ ஒரு சூத்திரம் இழுத்திருக்கும். ரசீது எண் வரிசையாகப் போகிறதா? முந்தைய ரசீதும் அடுத்த ரசீதும் ஒரே நாள் என்றால் இதுவும் அந்த நாள்தான்.

சரவணன் (ஜூரோங்)

குமரன், இப்போது எனக்கும் பயமாக இருக்கிறது. போன மூன்று மாதமும் மைனஸ் வரிகளை நீக்கித்தான் கொடுத்தேன். நீக்கிய வரிகள் கல்லாவில் இன்னும் இருக்குமா என்று நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன்.

மாலா (தேக்கா) – 7 நவம்பர் 2025

யீஷூனிலிருந்து மூல `.csv` வாங்கி மறுபடி ஏற்றினேன். இப்போது 30 நாள் விற்பனை இருக்கிறது. இல்லாதது 20-ஆம் தேதி மட்டும், தீபாவளியன்று கடை மூடியிருந்தது. மொத்தம் 61,380 வெள்ளி. நாள்முடிவில் கல்லா அடிக்கும் இசட் ரிப்போர்ட் தாள்களில் நான்கு நாளை எடுத்து ஒப்பிட்டேன், நான்கும் காசு பிசகாமல் ஒத்துப்போயின. 6 தேதிகளில் 5 ரசீது எண்ணால் கிடைத்துவிட்டன. மீதி ஒன்று நாளின் முதல் ரசீதா முந்தைய நாளின் கடைசி ரசீதா என்று தெரியவில்லை, குறிப்பு எழுதி விட்டிருக்கிறேன்.

மைனஸ் 46 வரிகளில் 41 ஒழுங்கான திருப்பம் அல்லது ரத்து. மீதி 5 வரிகளும் தேக்காவில், எண்ணிக்கை மட்டும் மைனஸ், தொகை ப்ளஸ். ஓர் உதாரணம், அப்பளம் -24, தொகை 72 வெள்ளி. விற்பனையா, திருப்பமா?

குமரன்

ஷீட்டை வைத்துச் சொல்ல முடியாது. விற்பனை என்றால் 72 அப்படியே நிற்கும், எண்ணிக்கையின் குறி மட்டும் மாறும். திருப்பம் என்றால் தொகை -72 ஆகும், மொத்தத்தில் 144 வெள்ளி வித்தியாசம். அன்றைய இசட் தாளோடு அந்த நாளின் கூட்டுத்தொகையை ஒப்பிடுங்கள். 144 இடித்தால் திருப்பம்.

மாலா (தேக்கா)

இந்த ஐந்தில் மூன்று நாளுக்கு இசட் தாள் காணவில்லை அண்ணே. கல்லா விற்ற கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. ரிப்போர்ட்டில் அந்த ஐந்து வரிகளையும் கூட்டுத்தொகையில் சேர்க்காமல் கீழே தனியாகக் காட்டி, முதலாளியிடம் வாயாலும் சொல்லிவிட்டேன். அப்பளத்துக்கு மட்டும் அலமாரியில் எண்ணிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடலாம் என்றார்.

நித்யா

ஒரு கேள்வி. அக்டோபரில் விற்றது நவம்பரில் திரும்பி வந்தால் எந்த மாதத்தில் கழிப்பீர்கள்?

மாலா (தேக்கா)

இப்போதைக்குத் திரும்பி வந்த மாதத்தில். ஆனால் தீபாவளிச் சரக்கு இந்த வாரம்தான் திரும்பி வருகிறது. பொங்கல் ஆர்டருக்கு அது சரியாக வருமா என்று எனக்கே தெரியவில்லை.