ஓய்வூதியப் பிரிவு எழுத்தரை விருதுக்குப் பரிந்துரைத்த அனுபவம்

திருநெல்வேலி வங்கி அதிகாரி:
எங்கள் கிளையில் ஓய்வூதியப் பிரிவைக் கவனிக்கும் எழுத்தரை, மண்டல அலுவலகம் வழங்கும் வாடிக்கையாளர் சேவை விருதுக்குச் சென்ற ஆண்டு பரிந்துரைத்தேன். மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பருக்குள் உயிர்வாழ் சான்று அளிக்கவில்லையென்றால் ஓய்வூதியம் நின்றுவிடும். விரல் ரேகை தேய்ந்த முதியவர்களைக் கருவி ஏற்பதில்லை. அப்படித் திரும்பிப் போகிறவர்களில் சிலர் மீண்டும் வருவதேயில்லை. இவர் செப்டம்பரிலேயே பட்டியல் எடுத்து, 80 வயது கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே சான்று அளிக்கலாம் என்பதால் அவர்களை முதலில் அழைத்து, ரேகை பதியாதவர்களுக்குக் கைபேசியில் முகத்தைப் பதிவு செய்யும் முறையைக் கையாண்டார்.

படிவத்தில் 'அர்ப்பணிப்பு மிக்கவர்' என்பது போன்ற சொற்களைத் தவிர்த்தேன். முந்தைய ஆண்டு 38 பேருக்கு ஓய்வூதியம் நின்றது, இவர் பொறுப்பேற்ற ஆண்டில் 5 பேருக்கு நின்றது என்று எழுதி, அந்த ஐவருக்கு ஏன் நின்றது என்பதையும் குறிப்பிட்டேன். அடுத்து, குடும்ப ஓய்வூதியம் பெறும் ஒரு மூதாட்டியைப் பற்றிப் பெயர், கணக்கு எண் இல்லாமல் எழுதினேன். செயலி கண்ணைச் சிமிட்டச் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. எழுத்தர் அவருடைய நாற்காலியைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, எதிரே அமர்ந்து தாமே சிமிட்டிக் காட்ட, அதைப் பார்த்து அவரும் சிமிட்டினார், பதிவு முடிந்தது.

கோவை உறுப்பினர்:
விருதுக் குழுவுக்கு எண்கள் போதும் என்பது என் கருத்து. 38 என்பது 5 ஆனதே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

திருநெல்வேலி வங்கி அதிகாரி:
எண்கள் தேவை என்பது சரிதான், தோழர். ஆனால் கிளையின் ஓய்வூதியர் எண்ணிக்கையே குறைந்திருந்தாலும் 38 என்பது 5 ஆகியிருக்கும் அல்லவா? அதனால் இரண்டு ஆண்டுகளிலும் மொத்தம் ஏறத்தாழ 600 பேர் இருந்தனர் என்பதைச் சேர்த்தேன். அந்தக் குறைவு இவருடைய செயலால் வந்தது என்பதை எண் மட்டும் காட்டாது. மூதாட்டியின் நிகழ்வுதான் காட்டியது.

சேலம் உறுப்பினர்:
என் தந்தைக்கும் சான்று தராததால் ஓய்வூதியம் நின்றுள்ளது. இனிச் சான்று கொடுத்தால் நின்ற மாதங்களின் தொகை கிடைக்குமா?

திருநெல்வேலி வங்கி அதிகாரி:
கிடைக்கும், அம்மா. ஓய்வூதிய ஆணை, ஆதார் இரண்டையும் எடுத்துக்கொண்டு அவரைக் கிளைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மதுரை உறுப்பினர்:
எனக்கு ஒரு நெருடல். எங்கள் கிளையில் முதியவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தவர் ஒப்பந்தக் காவலர். விருதுக்கோ நிரந்தர ஊழியர் ஒருவரின் பெயரைத்தான் தர முடிந்தது. உங்கள் படிவத்தில் அப்படிப்பட்டவர்களுக்கு இடம் இருந்ததா?

திருநெல்வேலி வங்கி அதிகாரி:
தனி இடம் இல்லை. எங்கள் காவலர் செய்த உதவியை ஒரு வரியில் எழுதினேன். அது எழுத்தரின் பங்கைக் குறைத்துக் காட்டும் என்று மேலாளர் கருதினார். எனக்கு அதில் இன்னும் உடன்பாடில்லை. வேறு வங்கிகளில் குழுவாகப் பரிந்துரைக்க வழி இருந்தால் எழுதுங்கள்.