அழைப்பின் தொடக்கத்தில் வரும் ‘ஹலோ, ஹலோ’வை என்னவென்று குறிப்பது?

வாணி எழுதியது:

அன்புடையீர், தொலைபேசியில் எடுத்த வாய்மொழி வரலாற்று நேர்காணல்களை எங்கள் குழு எழுத்தில் பதிந்துவருகிறது. சிரிப்பு, இருமல், இடைநிறுத்தம் எல்லாவற்றுக்கும் குறிச்சொல் வைத்துவிட்டோம். தொடக்கத்தில் வரும் ஒரு பகுதிக்குத்தான் இன்னும் பெயர் கிடைக்கவில்லை. ஒரு பதிவு இப்படித் தொடங்குகிறது:

மூதாட்டி: ஹலோ.
எங்கள் ஆள்: ஹலோ, வணக்கம் அம்மா.
மூதாட்டி: ஹலோ… ஹலோ?
எங்கள் ஆள்: கேட்கிறது அம்மா, சொல்லுங்கள்.
மூதாட்டி: ஹலோ, யாருங்க? ஹலோ!
எங்கள் ஆள்: நான் பேசுவது கேட்கிறதா அம்மா?
மூதாட்டி: ஆ, இப்போது கேட்கிறது. யார் பேசுவது?

அவர் ஊரில் டவர் சரியில்லை போலிருக்கிறது. அது கிடக்கட்டும். ‘ஆ, இப்போது கேட்கிறது’ என்பதற்கு முன்னால் உள்ளதை எல்லாம் எந்தச் சொல்லால் குறிக்கலாம்? ‘இணைப்புச் சோதனை’ என்று போட்டுப் பார்த்தேன். கணினிக்காரர்கள் அதை வேறு பொருளில் ஆள்கிறார்கள்.

புலவர் இராசகோபாலன் எழுதியது:

இதில் குழம்ப என்ன இருக்கிறது மகளே? ஹலோ என்பது வணக்கம். திரும்பத் திரும்பச் சொன்னால் ‘மீள்வணக்கம்’. சொல் இலக்கணத்துக்கும் பொருந்துகிறது, செவிக்கும் இனிமையாக இருக்கிறது.

நஸ்ரின் எழுதியது:

புலவர் ஐயா மன்னிக்க வேண்டும். மூதாட்டியின் முதல் ஹலோவே வணக்கம் இல்லை. தொலைபேசி மணி அடிப்பது ஓர் அழைப்பு, எடுத்தவர் சொல்லும் ஹலோ அதற்கான பதில், ‘இருக்கிறேன்’ என்பதுபோல. தொலைபேசி உரையாடல்களின் தொடக்கத்தை ஆராய்ந்த இமானுவேல் ஷெக்லாஃப் 1968இல் இதை விளக்கி எழுதினார். எடுத்தவர்தான் முதலில் பேசுவார் என்ற விதி அவரிடம் இருந்த சுமார் 500 அழைப்புகளில் ஒன்றே ஒன்றில் மட்டும் பொருந்தவில்லை. அந்த அழைப்பில் தொலைபேசியை எடுத்தார்கள், ஒரு நொடி மௌனம், பிறகு அழைத்தவரே ஹலோ என்றார். அந்த ஒன்றை விதிவிலக்கு என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. மணிக்குப் பதில் வராததால் அழைத்தவர் தம் குரலால் இன்னொரு முறை மணி அடிக்கிறார் என்று கண்டு, விதியையே திருத்தி எழுதினார்.

வாணி அக்காவின் மூதாட்டி சொல்லும் இரண்டாவது, மூன்றாவது ஹலோக்களும் அந்த வகைதான். பதில் வராதபோது மறுபடியும் கூப்பிடுவது. வணக்கத்தை ஒரே மூச்சில் நான்கு முறை யாரும் சொல்வதில்லை.

புலவர் இராசகோபாலன் எழுதியது:

கூப்பிடுதல் என்றால் அது விளி. சேய்மையில் இருப்பவரை விளிக்கும்போது பெயர் தன் அளவைக் கடந்து நீளும் என்று தொல்காப்பியத்தின் விளிமரபே சொல்கிறது. என் பேரன் மொட்டைமாடியில் நின்று ‘ஹலோஓஓ’ என்று இழுக்கும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வரும். மீள்வணக்கத்தைக் கைவிடுகிறேன். ‘மறுவிளி’ என்று வையுங்கள்.

சிவபாலன் எழுதியது (யாழ்ப்பாணம்):

வாணி சொல்லும் சிக்கல் எங்கள் வீட்டில் நாள்தோறும் நடப்பது. கனடாவில் இருக்கும் அண்ணையோடு இணையவழியில் கதைக்கும்போது நான் ஹலோ என்பேன், அதே கணத்தில் அவரும் ஹலோ என்பார். இருவரும் நிறுத்துவோம். பிறகு இருவரும் ஒன்றாகத் தொடங்குவோம். குரல் தெளிவாகத்தான் வருகிறது, கதைதான் நகர்வதில்லை. இதற்கு ‘ஹலோ மோதல்’ என்று பெயர் வைக்கலாம். சொல் கிடக்கட்டும், இதைத் தீர்க்க வழி சொல்லுங்கள்.

மாணிக்கம் எழுதியது:

தொலைபேசி இணைப்பகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். கலைச்சொல் ஆக்குவதில் எனக்குப் பழக்கமில்லை, பழுது கண்டுபிடிப்பதில் உண்டு. வாணி அம்மா, சிவபாலன் தம்பி இருவரும் சொல்வது வெவ்வேறு நோய்.

தம்பியின் சிக்கல் தாமதம். ஒரு குரல் மறுமுனைக்குப் போய்ச்சேர 150 மில்லிநொடிக்குள் ஆனால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. அந்தக் காலத்தில் வெளிநாட்டு அழைப்புகள் பல, தரையிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள் வழியே போயின. ஒரு வழிக்கே கால் நொடி. கேள்வி போய்ப் பதில் வர அரை நொடிக்குக் குறையாது. இன்றைய இணையவழி அழைப்பும் நெரிசல் நேரத்தில் அப்படித் தாமதிக்கும். அந்த இடைவெளியை நாம் மௌனம் என்று நினைத்து மறுபடியும் பேசுகிறோம், ஏற்கெனவே கிளம்பிவிட்ட பதில் அதன்மேல் வந்து விழுகிறது. தீர்வு எளிது தம்பி: அழைத்தவர் பேசாமல் இருக்க வேண்டும், எடுத்தவர் முதலில் ஒரு முழு வாக்கியம் சொல்லி முடிக்க வேண்டும்.

மூதாட்டியின் சிக்கல் ஒருவழி அடைப்பு. பதிவை மறுபடி படியுங்கள். அவர் குரல் உங்கள் ஆளுக்கு ஒவ்வொரு முறையும் தெளிவாக வந்திருக்கிறது. உங்கள் ஆள் என்ன பதில் சொன்னாலும் அதனால் அவருடைய ஹலோ நிற்கவுமில்லை, மாறவுமில்லை. அப்படியென்றால் உங்கள் ஆளின் குரல் போய்ச்சேரவில்லை என்று பொருள். ஆகவே அந்த அம்மாவின் ஊர் டவரைக் குறை சொல்வதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: உங்கள் ஆள் எங்கே உட்கார்ந்து பேசினார்?

வாணி எழுதியது:

கேட்டுவிட்டேன் ஐயா. ஆவணங்கள் அடுக்கியிருக்கும் உள்ளறையில், இரும்பு அலமாரிகளுக்கு நடுவே இருந்திருக்கிறார். ‘நான் பேசுவது கேட்கிறதா’ என்று கேட்டபடியே தாழ்வாரத்துக்கு நடந்தாராம். ஆனால் உள்ளறையில் இருந்தபோதும் திரையில் இரண்டு கோடுகள் இருந்தன என்கிறார். அப்படியிருக்க அவர் குரல் எப்படிப் போகாமல் இருக்கும்?

மாணிக்கம் எழுதியது:

அந்தக் கோடுகள் காட்டுவது டவரிலிருந்து உங்கள் கைக்கு வந்துசேரும் வலிமையை மட்டும்தான். உங்கள் கையிலிருந்து டவருக்குப் போவதைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. டவர் பத்துக்கணக்கான வாட் ஆற்றலில் பேசுகிறது. 4ஜி கைபேசி தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 200 மில்லிவாட்தான். அதனால் சமிக்ஞை மெலியும் இடத்தில் பெரும்பாலும் முதலில் அறுபடுவது போகும் வழி. வரும் வழி இன்னும் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். பலவீனமான இடத்தில் இருப்பவருக்கு எல்லாம் நன்றாகக் கேட்கும், நல்ல இடத்தில் இருப்பவர் ஹலோ ஹலோ என்று தவிப்பார். யார் அதிகம் ஹலோ சொல்கிறாரோ அவர் பக்கம்தான் கோளாறு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பல நேரம் அது தப்பு.

எல்லா ஒருவழி அடைப்புக்கும் டவரே காரணம் என்றும் சொல்லமாட்டேன். எந்த இடத்தில் இருந்து பேசினாலும் எதிர்முனையில் இருப்பவர் ஹலோ ஹலோ என்றால், உங்கள் கைபேசியின் ஒலிவாங்கித் துளையில் தூசு அடைத்திருக்கிறதா, உறை அதை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். குரல் வருகிறது, ஆனால் எழுத்து எழுத்தாக உதிர்ந்து வருகிறது என்றால் அது மூன்றாவது வகை, அதில் பழுது உங்களிடம் வரும் வழியில்.

நஸ்ரின் எழுதியது:

மாணிக்கம் ஐயா சொல்வதைப் பார்த்தால் ஒரு சொல் போதாது. மறுவிளி என்பது கூப்பிடுவது மட்டும். வழி திறந்திருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு செயல். ரோமன் யாகப்சன் 1960இல் மொழியின் பணிகளை வகைப்படுத்தியபோது இப்படி வழியைச் சோதிக்கும் பேச்சுக்குத் தனி இடமே கொடுத்தார். ‘ஹலோ, கேட்கிறதா’ என்பதுதான் அவர் தந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று.

பதிவில் இன்னொன்றையும் கவனியுங்கள். எங்கள் ஆளின் ‘ஹலோ’ எதையும் நிறுவவில்லை. ஹலோவுக்கு ஹலோ என்று பதில் வந்தால், கேட்டதால் சொன்னாரா, கேட்காததால் சொன்னாரா என்று தெரியாது. ‘கேட்கிறது அம்மா’ என்பது வரும் வழியை உறுதிசெய்கிறது. மூதாட்டி ‘இப்போது கேட்கிறது’ என்ற பிறகே போகும் வழி உறுதியாகிறது.

சிவபாலன் எழுதியது:

அப்படியானால் ‘கேட்புச் சோதனை’ என்று வைத்துவிடலாமே. குறுகிய சொல், எவருக்கும் விளங்கும்.

வாணி எழுதியது:

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செய்வதும் கேட்புச் சோதனைதானே அண்ணா? எங்கள் நேர்காணலில் பாதிப் பேர் எழுபதைக் கடந்தவர்கள். பதிவில் ‘கேட்புச் சோதனை’ என்று குறித்தால் அவர்களுக்குக் காது மந்தம் என்று படிப்பவர் நினைத்துவிடுவார். ‘ஒலிவழிச் சரிபார்ப்பு’ எப்படி?

மாணிக்கம் எழுதியது:

சொல் சரி. ஆனால் அதில் ‘இருவழி’ இல்லை. விமானிகள் வானொலியில் தொடர்பைச் சோதிக்கும்போது மறுமுனை வெறுமனே ஆம் என்று சொல்லாது. எவ்வளவு தெளிவாக விளங்குகிறது என்பதை ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண்ணாகச் சொல்லும். அந்த எண் வந்துசேர்ந்தாலே இரண்டு வழியும் தெரிந்துவிடும். நம் ஆட்கள் அந்த வேலையை வெறும் ஹலோவை வைத்தே ஓட்டுகிறார்கள்.

குழுவில் ஒரு வழக்கம் கொண்டுவாருங்கள் அம்மா. எடுத்தவுடன் மூன்று ஹலோ கேட்டால் நான்காவது ஹலோவைப் பதிலாகச் சொல்லாதீர்கள். ‘உங்கள் குரல் கேட்கிறது, என் குரல் கேட்கிறதா’ என்று ஒரே ஒருமுறை கேளுங்கள். அப்போதும் ஹலோவே வந்தால் கத்திப் பயனில்லை, வைத்துவிட்டு இடம் மாறுங்கள். முதலில் அழைத்தவரே மறுபடியும் அழைக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் அழைத்தால் இருவருக்கும் ‘பிஸி’ என்றுதான் வரும். அழைப்பே நிலைக்காத இடத்தில் குறுஞ்செய்தி போய்ச்சேர வாய்ப்புண்டு. அது சிறியது, ஒருமுறை தவறினாலும் மறுபடி அனுப்பிப் பார்க்கும்.

புலவர் இராசகோபாலன் எழுதியது:

இருவழி ஒலிவழிச் சரிபார்ப்பு என்று எழுதினால் வாய் வலிக்கும், வழி இரண்டு முறை வருகிறது. ‘கேட்புறுதி’ என்று சுருக்குங்கள். கேட்பு இரு முனைக்கும் பொது, உறுதி என்ற சொல்லில் இருவரும் ஒப்புக்கொண்டது அடங்கும்.

நஸ்ரின் எழுதியது:

கேட்புறுதி என்பது முடிவுக்குப் பொருந்துகிறது ஐயா, முயற்சிக்குப் பொருந்தவில்லை. பாதியில் அறுந்துபோன அழைப்பில் உறுதி கிடைக்கவே இல்லையே. அதை எப்படிக் குறிப்பது?

வாணி எழுதியது:

இப்போதைக்கு இப்படிச் செய்கிறேன். பதில் வராமல் திரும்ப வரும் ஹலோக்கள் எல்லாம் ‘மறுவிளி’. இருவரும் கேட்டதை ஒப்புக்கொள்ளும் வரியில் ‘கேட்புறுதி’. அறுந்த அழைப்பில் மறுவிளி மட்டும் இருக்கும், உறுதி இருக்காது, படிப்பவரே புரிந்துகொள்வார். இடைப்பட்ட முயற்சிக்கு ‘ஒலிவழிச் சரிபார்ப்பு’ என்று எழுதுகிறேன், இதைவிடச் சிறிய சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். மூதாட்டியின் பதிவில் ‘டவர் சரியில்லை’ என்று நான் எழுதிய ஓரக்குறிப்பை ‘பேட்டியாளர் உள்ளறையில் இருந்தார்’ என்று மாற்றிவிட்டேன்.

சிவபாலன் எழுதியது:

நேற்று அண்ணையிடம் முழு வாக்கியம் சொல்லி முடிக்கச் சொன்னேன். அவர் பத்து நிமிடம் நிறுத்தாமல் கதைத்தார். என் ஹலோ மோதலுக்கு இன்னும் யாரும் வாக்களிக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.