தங்கை கல்யாணத்துக்குக் கூட வரச் சொல்கிறார், எப்படி எடுத்துக்கொள்வது?

வணக்கம். அலுவலக நண்பர் ஒருவரின் தங்கைக்கு மதுரையில் கல்யாணம். மற்றவர்களுக்கு வரவேற்புக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் பத்திரிகை வந்தது. என்னை மட்டும் முதல் நாளே வந்து, பெண் வீட்டாரோடு மண்டபத்தில் தங்கி, முகூர்த்தம் முடிந்து கிளம்பச் சொல்கிறார்.

அவர் அம்மாவும் போனில் பேசினார். சொந்த ஊர், அப்பாவின் வேலை எல்லாம் விசாரித்துவிட்டு, "உனக்கும் ஒரு புடவை எடுத்து வச்சிருக்கேன்மா" என்றார். அதுதான் யோசிக்க வைக்கிறது. அந்தப் புடவையோடு குடும்பப் படத்தில் நின்றால் சொந்தக்காரர்கள் முடிவே செய்துவிடுவார்கள். நண்பரை எனக்குப் பிடிக்கும், ஆனால் அவர் இன்னும் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை.

போவதற்கு முன் அவரிடம் நேராகவே கேட்டுவிடலாமா? வரவேற்புக்கு மட்டும் போய் மொய் வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா வருத்தப்படுவாரா? இப்படி அழைக்கப்பட்டுப் போனவர்கள் சொல்லுங்கள்.