டாக்ரோலிமஸ் எடுப்பவர்களுக்கு பிபி: குளோர்தாலிடோன் போட்டவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். என் தம்பிக்கு கிட்னி மாற்றி 5 மாதம் ஆகிறது, கொடுத்தது அம்மா. ஆபரேஷனுக்கு முன்பு கட்டுக்குள் இருந்த பிபி இப்போது காலையில் வீட்டில் பார்த்தாலே 150/95. புதுக் கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று டாப்ளர் எடுத்தார்கள், இல்லை. உடம்பு புதுக் கிட்னியை நிராகரிக்காமல் இருக்க எடுக்கும் டாக்ரோலிமஸ்தான் காரணம் என்றார் டாக்டர். அது ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறதாம், கிட்னி உப்பை வெளியே விடாமலும் பிடித்து வைக்கிறதாம்.

அம்லோடிபின் 5 மி.கி. கொடுத்தார். பிபி இறங்கியது, ஆனால் சாயங்காலம் சாக்ஸ் தடம் பதியும் அளவுக்குக் கால் வீக்கம். இங்கேதான் தப்பு செய்தோம். பக்கத்து கிளினிக்கில் காட்ட, அங்கிருந்த டாக்டர் டில்டியாசெமுக்கு மாற்றினார். பத்தே நாளில் டம்ளர் பிடிக்க முடியாமல் கை நடுக்கம். காலை மாத்திரைக்கு முன் எடுத்த டாக்ரோலிமஸ் லெவல் 8-லிருந்து 17, கிரியாட்டினின் 1.3-லிருந்து 1.7. டாக்ரோலிமஸைக் கல்லீரல் உடைப்பதை டில்டியாசெம் தடுத்துவிடுமாம். நிறுத்தியதும் இரண்டும் இறங்கின.

டாக்ரோலிமஸை நாங்களாகக் குறைத்தால் உடம்பு கிட்னியை நிராகரிக்கலாம் என்பதால் அதில் கை வைக்கவில்லை. இப்போது உப்பை வெளியேற்றும் குளோர்தாலிடோன் 12.5 மி.கி. தொடங்கலாம் என்கிறார் டாக்டர். சோடியம் குறையலாம், யூரிக் ஆசிட் ஏறலாம், அதனால் இரண்டு வாரத்தில் ரத்தம் பார்க்க வேண்டுமாம்.

இதை எடுத்தவர்கள் சொல்லுங்கள்: பிபி இறங்க எத்தனை நாள் ஆனது? கால் வீக்கம் வடிந்ததா? எழுந்திருக்கும்போது தலைசுற்றல் வந்ததா? மாத்திரையை நாங்களாக மாற்றப் போவதில்லை. வியாழக்கிழமை டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான்.