மேல் வலது மூலையில் தொடங்கித் தேடினால் சில எண்கள் கிடைக்கவில்லை, சிலவற்றுக்குப் பிழை வருகிறது

முகில்_22

வணக்கம். கேம்பஸ் இன்டர்வியூவுக்காகப் பழகிக்கொண்டிருக்கிறேன். வரிசைகள் இடமிருந்து வலமாக ஏறுமுகம், பத்திகள் மேலிருந்து கீழாக ஏறுமுகம். அப்படியான மேட்ரிக்ஸில் ஓர் எண்ணைத் தேட வேண்டும். மேல் வலது மூலையில் தொடங்கு, பெரிதாக இருந்தால் இடதுபக்கம் போ, சிறிதாக இருந்தால் கீழே இறங்கு என்று சீனியர் ஒருவர் சொன்னார். நான் எழுதியது இது:

```python
a = [[ 3,  8, 14, 21],
     [ 6, 11, 17, 25],
     [10, 15, 20, 29],
     [16, 22, 27, 34]]

def find(a, x):
    r, c = 0, len(a[0]) - 1
    while r < len(a) and c > 0:
        if a[r][c] == x:
            return r, c
        if a[r][c] > x:
            c -= 1
        else:
            r += 1
    return None
```

15, 17, 27 எல்லாம் சரியாக வருகிறது. 3, 6, 10, 16 தேடினால் மட்டும் `None`. கண்ணெதிரே இருக்கிற எண்கள்!

`c > 0` மேல் சந்தேகம் வந்து அதை மொத்தமாக எடுத்துவிட்டு `while r < len(a):` என்று வைத்தேன். இப்போது 10 கிடைக்கிறது. ஆனால் 9 தேடினால் `IndexError: list index out of range`. 18 தேடினால் ஒழுங்காக `None`. 9, 18 இரண்டுமே மேட்ரிக்ஸில் இல்லாத எண்கள்தானே, ஒன்றுக்கு மட்டும் ஏன் பிழை?

பிரபு_கே

இவ்வளவு சுற்ற வேண்டாம் நண்பா. 16 எண்களையும் ஒரே நீள லிஸ்ட்டாக நினைத்துக்கொண்டு பைனரி சர்ச் போடு. நான்கைந்து பார்வையில் முடிந்துவிடும். லீட்கோடில் 74-வது கணக்கு இதுதான், நான் அப்படித்தான் போட்டேன்.

வெண்பா

முகில், `c > 0` என்றால் c பூஜ்ஜியத்தைத் தொட்டதுமே சுற்று நின்றுவிடும். அதாவது முதல் பத்தியை நீங்கள் பார்க்கவே இல்லை. கிடைக்காத நான்கு எண்களும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள், நான்கும் அந்தப் பத்தியில்தான். `c >= 0` என்று மாற்றினால் போதும்.

அந்த நிபந்தனையை எடுத்தபோது நடந்ததுதான் எனக்குச் சுவாரசியம். 9-ஐத் தாளில் நடந்து பாருங்கள். 21 பெரிது, இடது. 14 பெரிது, இடது. 8 சிறிது, கீழே. 11 பெரிது, இடது. 6 சிறிது, கீழே. 10 பெரிது, இடது. இப்போது c = -1, மேட்ரிக்ஸை விட்டு வெளியே வந்தாயிற்று. ஜாவா மாதிரி மொழியாக இருந்தால் இங்கேயே கத்தியிருக்கும். பைத்தானில் `a[2][-1]` என்றால் அந்த வரிசையின் கடைசி எண், 29. அது 9-ஐவிடப் பெரிது, மறுபடி இடது. 20, 15, 10 என்று அதே வரிசையை இன்னொரு முறை சத்தமில்லாமல் நடந்து, c = -5 ஆனபிறகுதான் பிழை வருகிறது. சுற்றுக்குள் `print(r, c, a[r][c])` போட்டால் இது கண்ணில் படும்.

18 வேறு வழியாக வெளியே போகிறது. 21, 14, 17, 20, 15, 22, 16 என்று வந்து கடைசியில் 16 சிறிது என்பதால் கீழே இறங்கி r = 4 ஆகிறது. அந்தப் பக்கக் கதவுக்கு நீங்கள் காவல் வைத்திருந்தீர்கள், `None` வந்தது. இல்லாத எண் எதுவானாலும் இடது ஓரம் வழியாகவோ கீழ் ஓரம் வழியாகவோதான் வெளியேறும். இரண்டுக்கும் காவல் வேண்டும்.

பிரபு, 74-வது கணக்கில் ஒரு வரிசையின் முதல் எண் முந்தைய வரிசையின் கடைசி எண்ணைவிடப் பெரிது என்று தந்திருப்பார்கள். இங்கே முதல் வரிசை 21-இல் முடிகிறது, அடுத்தது 6-இல் தொடங்குகிறது. உங்கள் முறையில் 10-ஐத் தேடினால் நடுவில் 25, பிறகு 21, 8, 14 என்று பார்த்துவிட்டு "இல்லை" என்று சொல்லும். இது 240-வது கணக்கு.

ராஜ்_ஈரோடு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் நூல் கடை விலைப்பட்டியலிலும் இதே முறையைப் போட்டேன். வலதுபக்கம் போகப் போகத் தரம் கூடும், விலை ஏறும். கீழே போகப் போக வாங்கும் அளவு கூடும், கிலோ விலை குறையும். மேல் வலது மூலையில் தொடங்கினால் பாதி விலைகள் கிடைப்பதில்லை. `c >= 0` தான் வைத்திருக்கிறேன்.

வெண்பா

ராஜ் அண்ணா, உங்களுடையது வேறு நோய். நிற்கிற கட்டத்திலிருந்து ஒரு திசை ஏற வேண்டும், இன்னொரு திசை இறங்க வேண்டும். அப்போதுதான் ஒரு ஒப்பீட்டில் ஒரு முழு வரிசையையோ பத்தியையோ தள்ளிவிடலாம். முகிலின் மேட்ரிக்ஸில் 21-க்கு இடதுபக்கம் சிறியவை, கீழே பெரியவை. 21 > 10 என்றால் அதற்குக் கீழே இருக்கும் 25, 29, 34 எதுவும் 10 ஆக முடியாது, அந்தப் பத்தியே போயிற்று. மேல் இடதில் 3-இல் நின்றால் இரண்டு பக்கமும் பெரியவை, எந்தப் பக்கம் போவது?

உங்கள் பட்டியலில் மேல் வலதில் நின்றால் இடதும் சிறிது, கீழும் சிறிது. நீங்கள் மேல் இடதில் தொடங்குங்கள். நிற்கிற கட்டத்து எண் தேடுவதைவிடச் சிறிதாக இருந்தால் வலது, பெரிதாக இருந்தால் கீழே.

பிரபு_கே

சரி, தட்டையாக்குவது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரிசைக்கு வரிசை தனித்தனியாக பைனரி சர்ச் போட்டால் விடை சரிதானே? 10 வரிசை, 1,00,000 பத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலையிலிருந்து நடந்தால் மோசமான நிலையில் லட்சத்துச் சொச்சம் அடி. என் முறையில் வரிசைக்குச் சுமார் 17 பார்வை, மொத்தம் 170.

வெண்பா

இது சரி. மூலை நடை அதிகபட்சம் வரிசை + பத்தி - 1 கட்டங்கள் பார்க்கும், 4×4-க்கு 7. சதுரமாக இருந்தால் மோசமான நிலையில் இதற்குக் குறைவாக முடிக்கவே முடியாது. நீங்கள் சொன்ன மாதிரி ஒல்லியாக நீண்டிருந்தால் உங்கள் முறைதான் ஜெயிக்கும். கணினி அறிவியலாளர் டேவிட் கிரீஸ் இந்த நடைக்கு சேடில்பேக் என்று பெயர் வைத்தார், குதிரைச் சேணம் மாதிரி மேட்ரிக்ஸின் வடிவம் இருப்பதால் என்பார்கள். எனக்கு அந்தச் சேணம் இன்றுவரை கண்ணுக்குத் தெரிந்ததில்லை.

ராஜ்_ஈரோடு

மேல் இடதுக்கு மாற்றினேன், வருகிறது. ஒரே ஒரு விலை மட்டும் பட்டியலில் இருந்தும் வரவில்லை. பண்டிகைத் தள்ளுபடிக்காக ஒரு கட்டத்தை மட்டும் கையால் குறைத்திருந்தோம், அதனாலா? அப்புறம், சரியான விலை இல்லாவிட்டால் பக்கத்து விலையைக் காட்ட முடியுமா?

வெண்பா

அதனால்தான் இருக்கும். ஒரு கட்டம் ஒழுங்கு மீறினாலே போதும், அதை நம்பித் தள்ளிய வரிசையிலோ பத்தியிலோ நீங்கள் தேடுவது மாட்டிக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. பட்டியல் மாறும்போதெல்லாம் ஒவ்வொரு கட்டத்தையும் வலது, கீழ்ப் பக்கத்துக் கட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

பக்கத்து விலைக்குத் தனியாகத் தேட வேண்டாம். எண் இல்லாதபோது அதைவிடப் பெரியவற்றில் நெருக்கமானதும் சிறியவற்றில் நெருக்கமானதும் இந்த நடையின் வழியிலேயே வந்துவிடும். 9-க்கு நடந்ததில் 8-ம் 10-ம் இருக்கின்றன பாருங்கள். மிதித்த கட்டங்களில் வித்தியாசம் குறைந்ததை நினைவில் வைத்தால் போதும்.

முகில்_22

`c >= 0` போட்டுவிட்டேன் அக்கா. 16 எண்களும் கிடைக்கின்றன. 1 முதல் 40 வரை எல்லாம் ஓட்டிப் பார்த்தேன், மற்றவற்றுக்கு `None`. `find([], 5)` மட்டும் `a[0]`-இல் விழுந்தது, தொடக்கத்தில் `if not a` வைத்துச் சரிசெய்துவிட்டேன்.

ஒரே எண் பல இடங்களில் இருந்தால்? முதலில் கண்ட இடத்திலேயே return ஆகிவிடுகிறது.

வெண்பா

எத்தனை என்று மட்டும் வேண்டுமானால் இரண்டு நடை. x-ஐவிடப் பெரிதாக இருந்தால் இடது, இல்லாவிட்டால் கீழே இறங்குமுன் c + 1 கூட்டிக்கொள்ளுங்கள். அது x வரையிலான எண்ணிக்கை. இன்னொரு நடையில் x-க்குச் சமமானாலும் இடது போங்கள். கழித்தால் விடை. எல்லா இடங்களையும் பட்டியலிட வேண்டுமா?

முகில்_22

ஆமாம், இடங்கள்தான் கேட்டிருக்கிறார்கள். எண்ணிக்கையை முதலில் எழுதிப் பார்த்துவிட்டு வருகிறேன்.