சீரியலில் வந்த எழுத்தும் ஜம்ப் டேபிளும்: உங்களுக்கு நடந்தது என்ன?

தராசுக்காரன்

எடை மெஷின் போர்டு, 8051. பிசியிலிருந்து W வந்தால் எடையை அனுப்பும், Z வந்தால் பூஜ்யம் ஆக்கும், அப்படி ஒரெழுத்துக் கட்டளைகள். வேலையை விட்டுப்போன ஒருவர் எழுதிய கோடு. பல வருஷமாக ஓடியது, யாரும் கை வைத்ததில்லை.

```
        CLR  C
        SUBB A,#'A'
        RL   A
        MOV  DPTR,#TABLE
        JMP  @A+DPTR
TABLE:  AJMP CMD_A
        AJMP CMD_B
```

இப்படி Z வரை 26 வரி. போன மாதம் P கட்டளைக்குள் ஒரே ஒரு LCALL சேர்த்தோம். அதிலிருந்து W அனுப்பினால் எடை சரியாக வருகிறது, கூடவே ரிலே ஒருமுறை ‘டக்’ என்கிறது. எந்தக் கட்டளைக்கும் அதே டக். எங்கள் மேசையில் டெர்மினலில் W தட்டினால் சத்தமே இல்லை, கஸ்டமர் இடத்தில் மட்டும்தான். அவர்கள் சாஃப்ட்வேர் எழுத்துக்குப் பின்னால் என்டரும் அனுப்புகிறது.

என்டர் 0Dh. அதிலிருந்து 41h போனால் CCh, RL ஆனதும் 99h. டேபிளின் நீளம் 52 பைட்தான், குதிப்பதோ 153-வது இடத்துக்கு. பழைய லிஸ்டிங்கை எடுத்து அந்த இடத்தில் என்ன இருந்தது என்று பார்த்தேன். `MOV R7,#34`, அதாவது 7F 22. குதி விழுந்தது 22-இல். 22h என்பது RET! ரிலே ரொட்டீனின் தாமதத்துக்கு யாரோ 34 என்று வைத்த எண், இத்தனை வருஷம் ஒவ்வொரு என்டரையும் பத்திரமாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. LCALL சேர்ந்ததும் எல்லாம் 3 பைட் தள்ளிப்போனது. இப்போது அதே 99h-இல் உட்கார்ந்திருப்பது D2 93, `SETB P1.3`. அதுதான் ரிலே.

34-க்குப் பதில் 35 வைத்திருந்தால் முதல் நாளே மாட்டியிருக்கும். அதுதான் இன்னும் மனசில் ஓடுகிறது.

மின்னல்வேகம்

எனக்கும் 8051தான். முன்பு CJNE வரிசையாக இருபதுக்கு மேல் இருந்தது. 9600-இல் நடுநடுவே எழுத்து தவறும். ஜம்ப் டேபிளாக மாற்றினேன், தவறுவது நின்றது. சங்கிலி அவ்வளவு மெதுவு.

தராசுக்காரன் சார், உங்கள் கேஸுக்கு ரேஞ்ச் செக்கெல்லாம் வேண்டாம். 256 எழுத்துக்கும் டேபிளில் வரி போட்டுவிடுங்கள். தேவையில்லாதது எல்லாம் BAD-க்குப் போகட்டும். எதற்கு ஒப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டும்? ரோம் இப்போது மலிவு.

லிஸ்டிங் தாத்தா

மின்னல் தம்பி, கணக்குப் போட்டுப் பாருங்கள். CJNE இரண்டு மெஷின் சைக்கிள். 12 மெகாஹெர்ட்ஸில் 2 மைக்ரோசெகண்ட். 26 போட்டாலும் 52 மைக்ரோசெகண்ட். 9600-இல் ஓர் எழுத்து வந்து முடியவே ஒரு மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். சங்கிலியால் எழுத்து தவறியிருக்காது. எழுதி மாற்றும்போது வேறு எதையோ சேர்த்துச் சரிசெய்திருப்பீர்கள். ஏதாவது ஹேண்ட்லர் TI-க்காகக் காத்துக்கொண்டிருந்ததா?

256 வரியும் இந்த முறையில் நடக்காது. A எட்டு பிட். இரண்டால் பெருக்கினால் 128 வரிதான் எட்டும். அதற்கு மேல் RL சுற்றிக்கொண்டு டேபிளின் தொடக்கத்துக்கே வந்து, ஒரு பைட் தள்ளி விழும்.

செக்குக்கு இரண்டே வரி, SUBB-க்கு அடுத்து:

```
        CJNE A,#26,$+3
        JNC  BAD
```

குதி எங்கும் போகாது, கேரியை மட்டும் வைத்துவிட்டு அடுத்த வரிக்கு வரும். கழித்தபின் ஒப்பிடுவதால் 'A'-க்குக் கீழே இருப்பதும் பெரிய எண்ணாகச் சுற்றிவிடும். CCh என்றால் 204, 26-க்கு மேல், BAD. கீழ் எல்லைக்குத் தனி செக் வேண்டாம்.

என் கதை ஒன்று. கோடு வளர்ந்து R-இன் ரொட்டீன் 2K பக்கத்தைத் தாண்டியது, அசெம்பிளர் AJMP எட்டாது என்று கத்தியது. கூட வேலை செய்த பையன் அந்த ஒரு வரியை மட்டும் LJMP ஆக்கிவிட்டான். பிழையில்லாமல் அசெம்பிள் ஆகும்! ஆனால் LJMP மூன்று பைட். S முதல் Z வரை எல்லாம் ஒரு பைட் தள்ளிப்போயிற்று. R வரை அருமையாக ஓடும், S தட்டினால் போர்டு தொங்கும். பாதி எழுத்து வரை ஓடி அதற்குப் பின் உளறினால் டேபிளில் எங்கோ நீளம் மாறியிருக்கிறது என்று பொருள். எல்லாவற்றையும் LJMP ஆக்கி, RL-க்குப் பதில் மூன்றால் பெருக்க வேண்டும்.

சாலிடர் புகை

தாத்தா சொன்ன “பாதி எழுத்து வரை” எனக்கு வேறு விதமாக நடந்தது. PIC16, `ADDWF PCL,F`, கீழே வரிசையாக GOTO. ஒரு டிஸ்ப்ளே மெசேஜை மேலே சேர்த்ததும் டேபிள் நகர்ந்து 0x0F3-இல் தொடங்கியது. A முதல் M வரை ஓடும். N தட்டினால் போர்டு ரீசெட் ஆன மாதிரி வரவேற்பு வாசகம் காட்டும். பவர் சப்ளை மாற்றினோம், கெபாசிடர் போட்டோம், வாட்ச்டாக்கை அணைத்தோம். சும்மா.

0xF3 உடன் 13 கூட்டினால் 0x100. PCL எட்டு பிட்தானே, கேரி மேலே போகாது, PCLATH பூஜ்யமாகவே இருந்தது. N நேராக 0x0000-க்குப் போனது. ரீசெட் வெக்டர்! லிஸ்டிங்கில் டேபிளின் முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்து, மேல் பைட் இரண்டிலும் ஒன்றா என்று பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

கிட்_8085

எங்கள் கல்லூரி லேபில் கிட்டில் கையால் ஹெக்ஸ் அடிப்போம். முகவரியை டேபிளிலிருந்து எடுத்து HL-இல் வைத்து PCHL. 2050 என்ற முகவரியை 20, 50 என்று அடித்தார் நண்பர். PC போனது 5020-க்கு. அங்கே நினைவகமே இல்லை. கீழ் பைட் முதலில் என்று பலகையில் எழுதியிருந்தும் அப்படித்தான். இங்கே சீரியல் எதுவும் இல்லை, கீபோர்டுதான், பரவாயில்லையா?

மின்னல்வேகம்

128 விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எழுத்து தவறியது நின்றது உண்மை தாத்தா. காரணம் நீங்கள் சொல்வது மட்டுமே என்று எப்படிச் சொல்ல முடியும்?

தராசுக்காரன்

தாத்தா, செக் போட்டேன், டக் நின்றது. ஆனால் BAD-இல் ‘?’ திருப்பி அனுப்பும்படி வைத்தோம். கஸ்டமர் சாஃப்ட்வேர் ஒவ்வொரு எடைக்குப் பின்னும் அந்த ‘?’-ஐ அடுத்த எடை என்று படித்து அழுகிறது. அதனால் 0Dh, 0Ah இரண்டையும் டேபிளுக்கு வருமுன்பே விழுங்கிவிட்டோம், மற்றவற்றுக்கு மட்டும் ‘?’.

இன்னொரு கஸ்டமர் போர்டில் செக் போட்டபின் A, B, D ஓடுகிறது, C, E இரண்டுக்கும் ‘?’ வருகிறது. அவர்கள் பிசியில் 7 பிட், ஈவன் பாரிட்டி என்று இருக்கிறது.

லிஸ்டிங் தாத்தா

C 43h, அதில் மூன்று ஒன்றுகள், பாரிட்டி பிட் ஏறி C3h ஆகிறது. A-யிலும் B-யிலும் இரண்டு ஒன்றுகள்தான், ஏறாது. SUBB-க்கு முன் `ANL A,#5Fh` போடுங்கள். சிறிய எழுத்தும் பெரியதாகிவிடும். நீங்கள் விழுங்கும் என்டரும் அங்கே 8Dh ஆக வரும், அதையும் பாருங்கள்.

சாலிடர் புகை

தாத்தா, 5Fh போட்டால் லைன் சத்தத்தில் வரும் C1h-உம் A ஆகிவிடுமே? பாரிட்டியைச் சரிபார்க்காமல் வெட்டி எறிவது எனக்குப் பிடிக்கவில்லை. ரிலே இருக்கும் போர்டில் நான் செய்ய மாட்டேன்.